பழைய கார் வாங்கப் போன இடத்தில் மெக்கானிக் ஒருவர் மெல்லச் சொன்ன ஒரு வார்த்தை: இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதானா?

கொங்குநாட்டான்:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறேன். கோவையில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2020 மாடல் பெட்ரோல் செடான் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளை நிறம், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, 6.10 லட்சம் கேட்டார்கள். அதே ஆண்டு, அதே மாடல் வண்டிகளை வேறு இடங்களில் 7 லட்சத்துக்குக் குறையாமல் சொல்கிறார்கள். பெயின்ட் கண்ணாடி போல் மின்னியது. உள்ளே சீட் கவர், மேட் எல்லாம் புதிது. ஆர்.சி.யில் பதிவு சோழிங்கநல்லூர், TN 14. இரண்டாவது ஓனர் கோவைக்காரர், அவர் பெயருக்கு மாறியது 2024 மார்ச்சில்.

நான் போனபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கிறது என்று சொல்லி, பக்கத்து ஷெட்டில் இருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார். கடைக்காரர் ஆர்.சி. நகல் எடுக்க உள்ளே போன சமயத்தில், அந்த மெக்கானிக் கேபிளைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “சார், முன்னாடி பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. டிக்கியில ஸ்டெப்னியத் தூக்கிட்டு அடியில கை வெச்சுப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை, போன் நம்பர் தரவில்லை, கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னபடியே இடதுபக்க முன் சீட் பெல்ட்டை இழுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த பகுதி சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. மேலும் இழுக்க இழுக்க, பெல்ட்டின் குறுக்கே பழுப்பு நிறத்தில் நெளிநெளியாக ஒரு கோடு வெளியே வந்தது. அதற்கப்பால் வந்த பகுதி முழுவதும் மங்கிப்போய், தொட்டால் விரலில் மாவு மாதிரி மண் ஒட்டியது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் குழி துடைத்துச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட்டின் அடியிலும், தகரம் மடிந்திருக்கும் ஓரத்திலும் அதே மாவு மண் காய்ந்து கிடந்தது. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கூறித் திரும்பிவிட்டேன். முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை.

இதை வைத்தே அது வெள்ளத்தில் நின்ற வண்டி என்று உறுதியாகச் சொல்லிவிடலாமா? என்ஜின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, ஏசி நன்றாகக் குளிர்கிறது. இன்னொன்று: அந்த மெக்கானிக்குக் கெடுதல் வராமல் கடைக்காரரிடமிருந்து எப்படி விலகுவது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்றசர்வேயர்:

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராகப் பல ஆண்டுகள் இருந்தவன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரைப் பகுதிகளில் வரிசை வரிசையாக வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் பேசிய மெக்கானிக் தொழில் தெரிந்தவர். ஒரு வண்டியைச் சுத்தம் செய்பவர்கள் எதை மறப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முன் சீட் பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும் உருளை, கதவுகளுக்கு நடுவே இருக்கும் சென்டர் பில்லரின் அடியில், ஏறக்குறையக் கதவுப் படியின் மட்டத்தில் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து பெல்ட் பில்லரின் உள்ளேயே மேலே ஏறி, தோள்பக்கத்து வளையத்தின் வழியாக வெளியே வந்து, மறுபடி கீழே இறங்குகிறது. வெளியே தொங்குவதைத்தான் கழுவுகிறார்கள். உள்ளே ஏறும் பகுதியையும் உருளையில் சுற்றிக் கிடக்கும் பகுதியையும் கழுவ வேண்டுமானால் முழுவதும் இழுத்துப் பிடித்து ஒரு கிளிப்பைப் போட்டு நிறுத்திவிட்டுக் கழுவ வேண்டும். பாலிஷ் போடும் அவசரத்தில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. சுருண்ட அடுக்குகளுக்கு இடையில் புகுந்த சேறு அங்கேயே காய்ந்து மாவாகிவிடும்.

இரண்டு விஷயங்களைச் சொன்னால் மேலும் பேசலாம். அந்தக் கோடு தோள் வளையத்தை விட்டு வெளியே வருவதற்கு எவ்வளவு நீளம் இழுக்க வேண்டியிருந்தது? பின் சீட் பெல்ட்டுகளையும் இழுத்துப் பார்த்தீர்களா?

வேளச்சேரிவாசி:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையே இல்லை. இன்சூரன்ஸ் பாலிசியில், கிளைம் வாங்காதவர்களுக்குக் கிடைக்கும் என்.சி.பி. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நான்கைந்து வருட வண்டிக்கு அது பூஜ்ஜியமாக இருந்தால் கிளைம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள், கதை முடிந்தது. அதோடு, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற கார்களில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தன. TN 14, TN 07, TN 22 என்று பார்த்தாலே வெளியூர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

கொங்குநாட்டான்:

சர்வேயர் ஐயா, நன்றி. இழுக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுத்திருந்தேன். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், பெல்ட்டைக் கிட்டத்தட்ட 45 செ.மீ. இழுத்த பிறகே அந்தக் கோடு வளையத்தை எட்டுகிறது. என் கை அளவை வைத்துக் கணக்கிட்டது. இரண்டு மூன்று செ.மீ. கூடக் குறைய இருக்கலாம். பின் சீட் பெல்ட்டுகள் இரண்டையும் முழுவதும் இழுத்தேன். அவை சுத்தமாக இருந்தன. கோடும் இல்லை, மண்ணும் இல்லை. இது என்னைக் குழப்புகிறது. தண்ணீர் புகுந்திருந்தால் எல்லா பெல்ட்டிலும் தெரிய வேண்டாமா?

வேளச்சேரிவாசி சொன்ன பாலிசி பற்றி: இப்போதைய பாலிசி இரண்டாவது ஓனர் பெயரில் உள்ளது. அதில் என்.சி.பி. பூஜ்ஜியம்தான்.

ஓய்வுபெற்றசர்வேயர்:

பின் பெல்ட்டுகள் சுத்தமாக இருப்பதில் குழப்பம் இல்லை. செடான் வண்டிகளில் பின் பெல்ட்டின் உருளைகள் பொதுவாகப் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில், அதாவது முதுகுச் சாய்வுக்கும் மேலே, அமைந்திருக்கின்றன. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. உங்களிடம் இரண்டு எல்லைகள் கிடைத்துவிட்டன: முன் உருளைக்கு மேல், பின் தட்டுக்குக் கீழ்.

இப்போது 45 செ.மீ. கணக்குக்கு வருவோம். பெல்ட் ஓய்வாகச் சுருண்டிருக்கும்போது அந்தக் கோடு தோள் வளையத்திலிருந்து 45 செ.மீ. கீழே, பில்லருக்குள் இருந்திருக்கிறது. தோள் வளையத்தில் விரலை வைத்து, பில்லர் வழியாகக் கீழே 45 செ.மீ. அளந்து பாருங்கள், பெரும்பாலான செடான்களில் அது சீட்டின் உட்காரும் மட்டத்தையோ, அதற்குச் சற்று மேலேயோ தொடும். துணி தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும் என்பதால் நிஜமான நீர்மட்டம் சில செ.மீ. கீழேயும் இருந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் சீட்டின் பஞ்சு நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. ஏசி வடிகுழாய் அடைத்துக் கார்பெட் நனைவதுண்டு, மழையில் கண்ணாடியைத் திறந்து வைத்து நனைவதுமுண்டு. ஆனால் அவை பில்லருக்குள் குறுக்குக் கோடும் சேறும் விடுவதில்லை. டிக்கியில் கிடந்த மண்ணும் இதோடு சேர்கிறது. கோர்ட்டில் நிரூபிக்க இது போதுமா என்று கேட்டால் தயங்குவேன். வாங்கலாமா என்று கேட்டால் தயங்க மாட்டேன், வேண்டாம்.

என்ஜின் நன்றாக ஓடுவது பற்றி. தண்ணீரில் நிற்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால்தான் சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையும். நிறுத்திய இடத்திலேயே மூழ்கி, ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டியில் ஏற்றிப் போயிருந்தால், நீரை வடித்து, ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி என்ஜினைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே நல்ல என்ஜின் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

கவலைப்பட வேண்டியது தரை மட்டத்தில் இருப்பவற்றைப் பற்றி. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் கன்சோலுக்கு அடியில், தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களின் கப்ளர்களும் அதே மட்டத்தில்தான் இருக்கும். செம்புக் கம்பியில் ஏறிய ஈரம் உடனே வேலையைக் காட்டாது. மாதங்கள் கழித்துப் பச்சை பூத்து, ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும், இன்னொரு நாள் டேஷ்போர்டு விளக்குகள் காரணமில்லாமல் எரியும். நீங்கள் போனபோது பேட்டரி இறங்கியிருந்ததும் ஈரம் பட்ட வயரிங்கில் எங்கோ மின்சாரம் கசிவதாலா, வெறுமனே நின்ற வண்டி என்பதாலா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது.

வேளச்சேரிவாசி சொன்னது பாதி சரி. கிளைம் வாங்கினால் அடுத்த பாலிசியில் என்.சி.பி. பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை வண்டியைச் சேர்ந்ததல்ல, ஓனரைச் சேர்ந்தது. வண்டி கைமாறினால் புதிய ஓனர் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குவார். ஆகவே இரண்டாவது ஓனரின் பாலிசியில் பூஜ்ஜியம் இருப்பது எதையும் காட்டாது. பார்க்க வேண்டியது முதல் ஓனரின் பாலிசி நகல். அதைக் கேட்டுப் பாருங்கள்.

புதுஓட்டுநர்:

ஐயா, இந்த இழையைப் படித்ததும் பயந்துவிட்டேன். என் காரில் ஓட்டுநர் பக்கப் பெல்ட் இழுத்தால் தானாகத் திரும்பிப் போவதில்லை. கையால் தள்ளி விட வேண்டியிருக்கிறது. புதிதாக ஷோரூமில் எடுத்த வண்டிதான். இதுவும் தண்ணீர் புகுந்ததன் அறிகுறியா? அந்தப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

ஸ்பேனர்அண்ணன்:

புதுஓட்டுநர் தம்பி, பயப்படாதீர்கள். உங்கள் விஷயம் வேறு. வியர்வையும் தூசியும் சேர்ந்து பெல்ட்டும் தோள் வளையமும் பிசுபிசுத்துவிட்டால் பெல்ட் மெதுவாகத்தான் திரும்பும். முழுவதும் இழுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு கலந்து ஈரத் துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகு சுருள விடுங்கள். வளையத்தின் உள்பக்கத்தையும் துடையுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் போட வேண்டாம். அதற்குப் பிறகும் திரும்பாவிட்டால் கம்பெனி சர்வீஸில் காட்டுங்கள்.

கொங்குநாட்டான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் சேலத்தில் ஷெட் வைத்திருக்கிறேன். என் வேலையில் ஒரு பகுதி கன்சல்டிங் கடைகளில் இருந்துதான் வருகிறது: கிளட்ச் பிளேட் மாற்றுவது, ஏசி கேஸ் ஏற்றுவது, சஸ்பென்ஷன் சத்தம் நிறுத்துவது. உங்களிடம் பேசியவரும் அப்படிப்பட்டவராகத்தான் இருப்பார். அந்தக் கடைக்காரர் முன்னால் “இது தண்ணீரில் இருந்த வண்டி” என்று அவர் சத்தமாகச் சொல்லியிருந்தால், மறுநாளிலிருந்து அந்தக் கடை வேலை அவருக்கு வராது. அந்தத் தெருவில் உள்ள மற்றக் கடைகளுக்கும் செய்தி போய்விடும். பேசாமல் போயிருந்தால், வயதான அம்மாவுக்கு வண்டி பார்க்கும் ஒருவரைக் குழியில் தள்ளியது போல் அவருக்கு உறுத்தியிருக்கும். அதனால் எதையும் முடிவாகச் சொல்லாமல், எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டார். நாளைக்குக் கடைக்காரர் கேட்டாலும் “பெல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னேன், அது எல்லா வண்டிக்கும் சொல்வதுதான்” என்று அவர் பதில் சொல்ல முடியும்.

அவருக்கு நீங்கள் நன்றி செய்ய நினைத்தால், அந்தக் கடையின் கண்ணெதிரே அவருடைய ஷெட்டுக்குப் போய் நிற்காதீர்கள். கடைக்காரரிடம் பெல்ட்டைப் பற்றியோ ஸ்டெப்னியைப் பற்றியோ பேச்சே எடுக்காதீர்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார். பணம் தோதாகவில்லை என்றோ, வீட்டில் சின்ன வண்டி கேட்கிறார்கள் என்றோ சொல்லுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் அதன் முதல் சர்வீஸை அவரிடம் கொடுங்கள். அவருக்கு அது போதும்.

நேர்மைநெஞ்சம்:

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. எல்லா மெக்கானிக்குகளும் நல்லெண்ணத்தில் பேசுவதில்லை. நான் ஒரு முறை வண்டி பார்த்தபோது, “இந்த வண்டி வேண்டாம் சார், நம்மகிட்ட ஒண்ணு இருக்கு” என்று சொல்லி இன்னொரு கடைக்கு அழைத்துப்போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அங்கே கமிஷன். தவிர, நீங்கள் பொய்க் காரணம் சொல்லி விலகிவிட்டால், அந்த வண்டியை அடுத்து வரும் ஒரு குடும்பம் வாங்கிவிடும். கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்பதுதான் முறை. மெக்கானிக்கின் வருமானத்தைக் காப்பாற்றுவதற்காக முன்பின் தெரியாத ஒருவரின் உயிரைப் பணயம் வைப்பது எப்படிச் சரியாகும்?

கொங்குநாட்டான்:

கமிஷன் பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் இப்போதைக்குப் பதில் சொல்கிறேன். அவர் வேறு எந்த வண்டியையும் காட்டவில்லை, தன் ஷெட் எங்கே என்றுகூடச் சொல்லவில்லை. என்னை நம்பச் சொல்லவும் இல்லை. என் கையாலேயே பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். அடுத்து வாங்கப் போகிறவரைப் பற்றி நீங்கள் எழுதியது நேற்றிரவு முழுவதும் மனத்தில் இருந்தது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தாமிரபரணிக்கரை:

நான் தூத்துக்குடிக்காரன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள்கள் எங்கள் பக்கம் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. என் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. தண்ணீர் கதவுப் படியைத் தாண்டிக் கார்பெட்டை நனைத்தது, சீட்டைத் தொடவில்லை. நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு டோ செய்து கொண்டுபோய், சீட், கார்பெட், அதற்கடியில் உள்ள ஃபோம் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்து, சில கப்ளர்களை மாற்றி, இன்சூரன்ஸில் கிளைம் வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த ஆண்டு அதை விற்க நினைக்கிறேன். பில்களை எல்லாம் வைத்திருக்கிறேன், வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்பேன். ஆனால் இங்கே பேசுவதைப் பார்த்தால், “தண்ணீர்” என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் ஓடிவிடுவார்கள் போலிருக்கிறது. உண்மையைச் சொல்பவனுக்கு விலை கிடைக்காது, மறைப்பவனுக்குக் கிடைக்கும் என்றால் யார் உண்மை சொல்வார்கள்?

ஈரோடுகன்சல்டிங்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன். எங்களுக்கு வண்டி பல வழிகளில் வருகிறது: நேரடி ஓனர், புரோக்கர், எக்ஸ்சேஞ்சில் வாங்கிய ஷோரூம், ஏலம். புரோக்கர் கைகளில் இரண்டு மூன்று முறை மாறி வரும் வண்டியின் பழைய கதை எங்களுக்கே தெரியாமல் போவதுண்டு. கோவைக் கடைக்காரர் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் யாரும் முடிவுகட்ட முடியாது.

அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சந்தை விலையைவிட 80, 90 ஆயிரம் குறைத்து ஒரு வண்டி எங்களிடம் வந்தால் நாங்களும் காரணம் கேட்க வேண்டும். கேட்காமல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். என் கடையில், வாடிக்கையாளர் தன் மெக்கானிக்கை அழைத்து வரலாம், வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாம், ஸ்கேனர் போடலாம். அதற்கான செலவு மட்டும் அவருடையது. இதற்கு மறுப்புச் சொல்லும் கடையில் வண்டி வாங்காதீர்கள் என்று என் வாடிக்கையாளர்களிடமே சொல்கிறேன். TN 14 வண்டியை ஒதுக்குங்கள் என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை: சென்னையில் மேட்டுப்பகுதியில் நின்ற நல்ல வண்டிகள் எத்தனையோ உள்ளன. 2018 வெள்ளத்தில் மூழ்கிய கேரள வண்டிகளும், கைமாறித் தமிழ்நாட்டுப் பதிவுக்கு வந்தவையும் உள்ளன. பதிவு எண்ணை மட்டும் வைத்து ஏமாறாமல் இருந்துவிட முடியாது.

வேளச்சேரிவாசி:

என்.சி.பி. விஷயம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். பதிவு எண் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 2024 மார்ச்சில் பெயர் மாறிய சோழிங்கநல்லூர் வண்டி, அதாவது புயலுக்கு மூன்று மாதம் கழித்து, விலை குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் பெல்ட்டை இழுத்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஓய்வுபெற்றசர்வேயர்:

வேளச்சேரிவாசி இப்போது சொன்னது முதலில் சொன்னதைவிட மிக நல்ல கணிப்பு. பதிவு எண்ணைத் தனியாகப் பார்க்காமல், கைமாறிய தேதியோடும் விலையோடும் சேர்த்துப் பார்க்கும்போது அதற்குப் பொருள் வருகிறது.

தாமிரபரணிக்கரை அவர்களுக்கு: உங்கள் வண்டியும் கோவை வண்டியும் ஒன்றல்ல. கார்பெட் மட்டும் நனைந்து, உடனே கழற்றிக் காயவைத்து, பில்லும் வைத்திருக்கும் வண்டியை நான் என் உறவினருக்கே சொல்வேன். விலையில் கொஞ்சம் தள்ளிக் கேட்கச் சொல்வேன், அவ்வளவுதான். ஏர்பேக் பெட்டியைத் திறந்து பார்த்தார்களா, மாற்றினார்களா என்பது உங்கள் பில்லில் இருக்கும். வாங்குபவரிடம் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள். உண்மை சொல்பவருக்கு விலை குறைகிறது என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

சீட் மட்டம் வரை மூழ்கிய வண்டி எப்படி மறுபடி சாலைக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுது நீக்கும் செலவு, பாலிசியில் எழுதிய ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று கணக்கிடுவார்கள். ஐ.டி.வி. 7 லட்சம் என்றால் 5.25 லட்சம்தான் எல்லை. வயரிங் முழுவதும், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ஏர்பேக், சீட் எல்லாம் புதிதாக என்று சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் போட்டால் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம். ஓனருக்குப் பணம் கிடைத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் எல்லாவற்றையும் புதிதாகப் போட மாட்டார். ஓடுவதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் பழைய மார்க்கெட்டில் வாங்கிப் போட்டு, கழுவி, பாலிஷ் செய்து அனுப்புவார். இந்த வண்டி டோட்டல் லாஸ் ஆனது என்று ஆர்.சி.யில் எந்த முத்திரையும் விழாது. கோவை வண்டி இப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. வரக்கூடிய வழி இது.

நேர்மைநெஞ்சம் எழுப்பிய கேள்விக்கு, மெக்கானிக்கை இழுக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் ஓனரின் 2023, 2024 பாலிசி நகல்கள் வேண்டும், லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேளுங்கள். எல்லா வண்டிக்கும் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டு அது பொய்யானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தத் தாள் உதவும்.

நேர்மைநெஞ்சம்:

இது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனாலும் அவர் எழுதித் தர மறுத்தால் நாம் வாங்காமல் வந்துவிடுவோம், வண்டி அங்கேதான் நிற்கும். என் கேள்வி அப்படியே இருக்கிறது.

கொங்குநாட்டான்:

சர்வேயர் ஐயா சொன்னபடி இன்று போனில் கேட்டேன். முதல் ஓனரின் பாலிசி தங்களிடம் இல்லை என்றார்கள். லிஃப்டுக்கு நேரமில்லை, வேறு ஒருவர் முன்பணம் தரத் தயாராக இருக்கிறார் என்றார்கள். எழுதித் தருவது பற்றிக் கேட்டதற்கு, “நாங்க யாருக்கும் அப்படி எழுதித் தர்றதில்லைங்க” என்று பதில் வந்தது. எனக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இன்னொருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால், அவரை எட்டும் வழியும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக, பாலக்காட்டுப் பதிவு KL 09 வண்டி ஒன்று பார்க்கிறேன். 2017 மாடல், ஒரே ஓனர், அவரே நேரடியாக விற்கிறார். பெல்ட்டும் ஸ்டெப்னிக் குழியும் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்அண்ணன்:

அவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்க வேண்டும் என்று. காலையில் போங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலை வரை மட்டும் திருப்பி, ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள்: எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம், அது அதைவிட மோசம். பிறகு முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பூச்சு உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், சீட்டை ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். சீட் கவர் தைக்கக் கழற்றினோம் என்பதும் உண்மையான பதிலாக இருக்கலாம். அதனால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். கார்பெட்டின் ஓரத்தைக் கதவுப் படி பக்கம் தூக்கி, அடியில் உள்ள ஃபோமை விரலால் அழுத்துங்கள். 2018 தண்ணீரின் ஈரம் இன்று இருக்காது; மண் இருக்கும்.

ஒரே ஓனர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி: அவரே தன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுப் பழைய கிளைம் விவரங்களை வாங்கித் தர முடியும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.